சரக்குக்குத் திறக்கும் துறைமுகம் மாலுமிக்கு மூடப்படுவது ஏன்?

2020 ஜூன் 13 அன்று ‘ஜக் ஆனந்த்’ என்ற இந்தியக் கப்பல் ஆஸ்திரேலிய நிலக்கரியைச் சுமந்துகொண்டு சீனத்தின் ஜிங்டாங் துறைமுகத்தை அடைந்தது. அதில் 23 இந்திய மாலுமிகள் இருந்தனர். செப்டம்பர் 20 முதல் ‘அனஸ்டாசியா’ என்ற இன்னொரு கப்பல், 16 இந்தியர்களுடன், அருகிலுள்ள சாவ்ஃபெய்டியன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. அதுவும் ஆஸ்திரேலிய நிலக்கரியைத்தான் ஏற்றி வந்திருந்தது. இரு கப்பல்களுக்கும் சரக்கை இறக்க அனுமதி இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களை இறக்கிவிட்டுப் புதியவர்களை ஏற்றிக்கொள்ளவும் அனுமதி இல்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் கரை தெரிய, அந்த 39 பேரும் மாதக்கணக்கில் இரும்புச் சுவர்களுக்குள் இருந்தனர்.

பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடு என்று சீன அதிகாரிகள் காரணம் கூறினர். ஆஸ்திரேலியாவுக்கும் சீனத்துக்கும் இடையிலான வணிகப் பூசலே காரணம் என்று பல நாட்டு ஏடுகள் எழுதின. இவற்றைத் தவிர மூன்றாவது ஒரு கேள்வி இருந்தது. அது அதிகம் பேசப்படவில்லை. துறைமுகம் மறுத்துவிட்டது, அப்படியானால் கப்பல் ஏன் வேறு துறைமுகத்துக்குப் போகவில்லை? கப்பலில் எஞ்சின் இருந்தது, எண்ணெய் இருந்தது, கப்பலை ஓட்டத் தெரிந்த மாலுமிகளும் இருந்தனர். போகக் கூடாது என்று தடுத்தது எது?

தடுத்தது சரக்கு ஒப்பந்தம். சரக்குக் கப்பலை அதன் உரிமையாளர் பெரும்பாலும் இன்னொரு நிறுவனத்துக்கு வாடகைக்கு விடுகிறார். எந்தத் துறைமுகத்துக்குப் போக வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரம் வாடகைக்கு எடுத்தவரிடம் போய்விடுகிறது. பணியாளரை மாற்றுவதற்காக மாஸ்டர் கப்பலை வேறு திசைக்குத் திருப்பினால் அது பாதை மாறிய குற்றம். அந்த நாட்களுக்கான வாடகை நின்றுவிடும், சரக்குக்குரியவர் இழப்பீடும் கேட்பார். சரக்கு அனுப்புவோர் தமது வணிக நலன் கருதித் திட்டத்தை மாற்றிக்கொள்ள முன்வரவில்லை என்று சீன வெளியுறவு அமைச்சகமே அப்போது கூறியது. பழியை மற்றவர் மீது தள்ளுவதற்காகச் சொல்லப்பட்டதாக இருக்கலாம். ஆனாலும் அது பொய்யன்று. கதவைப் பூட்டியது அரசு. வேறு கதவைத் தேடிப் போக விடாமல் தடுத்தது மூலதனம்.

இறுதியில் 2021 ஜனவரியில் ‘ஜக் ஆனந்த்’ சரக்கை இறக்காமலேயே ஜப்பானின் சீபா துறைமுகத்துக்குச் சென்று பணியாளரை மாற்றியது. ‘அனஸ்டாசியா’வின் பணியாளர் பிப்ரவரியில் ஜப்பானை ஒட்டிய கடலில் மாற்றப்பட்டனர். அதாவது தீர்வு தொடக்கத்திலிருந்தே சில நாள் கடற்பயணத் தொலைவில் இருந்தது. அதற்கான செலவை யார் ஏற்பது என்று முடிவாவதற்கு ஒரு கப்பலுக்கு ஏழு மாதமும் மற்றொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மாதமும் ஆயின.

ஒரு வினைச்சொல்லின் ஓட்டை

இது சட்டமில்லாத வெளியில் நடந்ததன்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியாவும் சீனமும் 2015இல் ஏற்புறுதி செய்தன. கடற்பணியாளர் தொடர்ச்சியாகக் கப்பலில் இருக்கும் காலம் 12 மாதங்களுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்கிறது அது. ஆண்டு விடுப்புக்கான நாட்களையும் கழித்தால் 11 மாதமே உச்சவரம்பு என்று அந்த அமைப்பின் நிபுணர் குழு விளக்கியுள்ளது. தன் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பணியாளர் தாயகம் திரும்புவதையும் அவர்களுக்குப் பதிலாக வேறு பணியாளர் ஏறுவதையும் ஒவ்வொரு உறுப்பு நாடும் ‘எளிதாக்க வேண்டும்’ என்றும் அது கூறுகிறது.

ஆவணங்களை மொழிபெயர்ப்பதையே பணியாகக் கொண்டவன் இந்த இடத்தில் நிற்காமல் கடந்துபோக முடியாது. ‘அனுமதிக்க வேண்டும்’ என்பது ஒரு கடமை. அனுமதித்தார்களா இல்லையா என்று உடனே கேட்டுவிடலாம். ‘எளிதாக்க வேண்டும்’ என்பது அப்படியன்று. நாங்கள் முயன்றோம், சூழ்நிலை இடந்தரவில்லை என்று எந்த அரசும் சொல்லிவிடலாம். உடன்படிக்கைகளில் முதலாளிகளுக்கும் அரசுகளுக்கும் வேண்டிய இடைவெளி பெரும்பாலும் இத்தகைய ஒரு வினைச்சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. சோசலிசத்தின் பெயரைச் சொல்லும் நாடு அந்த இடைவெளியைப் பயன்படுத்தியது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. தொழிலாளியின் உரிமைக்கு நாட்டுக்கு நாடு வேறு அளவுகோல் கிடையாது.

நம் அரசும் விலக்கன்று. 2020 ஏப்ரல் 21 அன்று உள்துறை அமைச்சகம் நம் துறைமுகங்களில் பணியாளர் ஏறி இறங்குவதற்கான நடைமுறையை வெளியிட்டது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் அந்த ஆணை இந்திய மாலுமிகளுக்கானது. அதே கப்பலில் அதே எஞ்சின் அறையில் வேலைசெய்த பிலிப்பைன்ஸ் தோழருக்கு அதில் இடமில்லை. ஒவ்வொரு நாடும் தன் மக்களை மட்டும் இறக்கிக்கொண்டால், பல நாட்டவர் பணிபுரியும் ஒரு கப்பலில் பணியாளர் மாற்றம் ஒருபோதும் முழுமையடையாது. 2020 டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே சிக்கியிருந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கை இந்த வழியில்தான் சேர்ந்தது.

பீன்யாவிலிருந்து கடலுக்கு

பெங்களூருவின் பீன்யாவில் கடல் இல்லை. ஆனால் அங்குள்ள பட்டறைகளில் கடைசல் பிடிக்கப்படும் பாகங்கள் வைட்ஃபீல்டு உலர்துறைமுகத்தில் கொள்கலன்களில் ஏறிச் சென்னைத் துறைமுகம் வழியாக உலகெங்கும் செல்கின்றன. பொருளைப் போலவே ஆளும் செல்லத் தொடங்கியிருக்கிறார். பத்தாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடித்து ஆறு மாதப் பயிற்சி பெற்றால் கப்பலில் கீழ்நிலைப் பணியாளராகலாம் என்ற விளம்பரம், ஒப்பந்தக்கூலியில் அலுத்த இளைஞனை எளிதில் ஈர்க்கிறது. எனவே ஒருவர் இங்கிருந்து புறப்பட்டு ராட்டர்டாம் துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் ஃபிட்டராக ஏறுவதற்கு என்ன தேவை என்று படிப்படியாகப் பார்ப்பது பயனுள்ளது.

அவரிடம் மூன்று ஆவணங்கள் இருக்க வேண்டும்: பாஸ்போர்ட், சி.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகம், கையெழுத்தான பணி ஒப்பந்தம். அவரை அனுப்பும் முகவர், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். கப்பல் வெளிநாட்டுக் கொடியுடையதானால் அந்தப் பயண விவரத்தை முகவர் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். பெங்களூரு விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி இந்த விவரங்களைக் கேட்பார்.

அடுத்தது விசா. ராட்டர்டாமுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதை முன்கூட்டியே பெற நேரமில்லையென்றால், அந்தத் துறைமுகத்தின் கப்பல் முகவர் அங்குள்ள எல்லை அதிகாரிகளிடம் மாலுமியின் விவரங்களை முன்னரே அளித்து, விமான நிலையத்திலேயே வழிச்செல்லும் விசா வழங்கச் செய்ய ஐரோப்பிய விதிகளில் இடமுண்டு. இத்தகைய ஏற்பாட்டில் மாலுமியின் கையில் இருப்பது இரு கடிதங்கள் மட்டுமே. ஒன்று முகவரின் உத்தரவாதக் கடிதம். இன்ன பெயருடைய மாலுமி, இன்ன விமானத்தில் வந்து, இன்ன ஐ.எம்.ஓ. எண்ணுள்ள கப்பலில் ஏறுவார். ஏறாவிட்டால் அவரைத் திருப்பியனுப்பும் செலவு எங்களுடையது என்று அது உறுதியளிக்கிறது. மற்றொன்று ‘ஓகே டு போர்டு’ எனப்படும் செய்தி. இவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று விமான நிறுவனத்துக்குச் சொல்வது.

தவறு நேர்வது இந்த இடத்தில்தான். கப்பல்கள் தேதிப்படி வருவதில்லை. காற்றோ நெரிசலோ இரண்டு நாள் தாமதமானால் கடிதத்தில் உள்ள தேதியும் விமானத் தேதியும் பொருந்தாது. உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றிச்சென்றால் விமான நிறுவனத்துக்கு அபராதம் உண்டு என்பதால், கவுன்டரில் இருக்கும் ஊழியர் ஐயம் வந்தாலே மறுத்துவிடுவார். இடையில் விமானம் மாறும் நாட்டுக்குத் தனி வழிச்செல்லும் விசா தேவை என்பதை மலிவான டிக்கெட் எடுத்தவர் கவனிக்காமல் விட்டிருக்கலாம். பிழை முகவருடையது, திருப்பியனுப்பப்படுவதும், அந்த மாதச் சம்பளத்தை இழப்பதும் மாலுமி. எனவே புறப்படும் முன் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எண்ணும், கப்பலின் பெயரும் ஐ.எம்.ஓ. எண்ணும், துறைமுகமும் தேதியும் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று தானே ஒப்பிட்டுப் பார்ப்பது அவருக்குள்ள சிறிய பாதுகாப்பு.

இதற்கெல்லாம் யார் செலவு செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு உடன்படிக்கையில் ஓட்டை இல்லை. வேலை பெற்றுத் தருவதற்காக மாலுமியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டுமே அவருடையதாக இருக்கலாம். விசாவின் செலவு இதில் சேராது. அதைக் கப்பல் உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு விதிகளும் மாலுமியிடம் வேலைக்குக் கட்டணம் வாங்குவதைத் தடுக்கின்றன. ஆகவே ‘விசாவுக்கு இவ்வளவு, டிக்கெட்டுக்கு இவ்வளவு, ஜாயினிங்குக்கு இவ்வளவு’ என்று ஒருவர் பணம் கேட்டால், அந்தப் பட்டியலே மோசடிக்கான சான்று.

மோசடியை அறிய வேறு அடையாளங்களும் உண்டு. உரிம எண் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். கப்பலின் பெயர் சொல்வார்கள், ஐ.எம்.ஓ. எண் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, சுற்றுலா விசாவில் வளைகுடா நாடொன்றுக்குப் போகச் சொல்லி, அங்கிருந்து கப்பலுக்கு அனுப்புவதாகக் கூறுவது. சுற்றுலா விசாவில் சென்றவர் சட்டத்தின் பார்வையில் மாலுமியே அல்லர். இ-மைக்ரேட்டில் அவர் பெயர் இருக்காது. கப்பல் கைவிடப்பட்டாலோ சம்பளம் நின்றாலோ அவருக்காகப் பிணை நிற்கும் நிறுவனம் எதுவும் இராது. ஊதியத்தை மட்டுமன்றித் திரும்பி வரும் வழியையும் சேர்த்து இழப்பவர்கள் இவர்களே.

கரைவிடுப்பும் காகிதமும்

கப்பலில் ஏறியவருக்கு அடுத்த கேள்வி, இடையிடையே இறங்கி நிற்க முடியுமா என்பது. கரைவிடுப்பு உல்லாசமன்று. பல வாரம் அதிர்வும் இரைச்சலும் நிறைந்த எஞ்சின் அறையில் இருந்தவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசவும், பல் மருத்துவரைப் பார்க்கவும், தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் மேலதிகாரியின் காதுபடாமல் குறை சொல்லவும் கிடைக்கும் சில மணி நேரம் அது. கரைவிடுப்பைத் தடுப்பது குறைகேட்பையும் தடுக்கிறது என்பதை எந்தத் தொழிலாளியும் புரிந்துகொள்வார்.

கடல் போக்குவரத்தை எளிதாக்கும் 1965ஆம் ஆண்டு உடன்படிக்கை, கரைவிடுப்புக்காக மாலுமியிடம் விசா கேட்கக் கூடாது என்கிறது. பொதுச் சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகிய காரணங்களால் மட்டுமே மறுக்கலாம். நாடு, இனம், நிறம் பார்த்துப் பாகுபாடு காட்டவும் கூடாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் மாலுமி துறைமுக நகரத்துக்குள் விசா இன்றி இறங்கலாம். ஆனால் அமெரிக்கா தனிப்பட்ட விசா கேட்கிறது. சி-1/டி எனப்படும் அந்த விசாவுக்குக் கட்டணம் 185 டாலர். கர்நாடகத்தில் இருப்பவர் நேர்காணலுக்குச் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போய்வந்து பழகியவர். விசா இருந்தாலும் போதாது. அமெரிக்கத் துறைமுகத்தில் அதிகாரி கப்பலுக்கு வந்து ஒவ்வொருவருக்கும் தரையிறங்கும் அனுமதி தர வேண்டும். அது அதிகபட்சம் 29 நாள். விசா இல்லாதவரைக் கப்பலிலேயே தடுத்து வைக்குமாறு மாஸ்டருக்கு ஆணையிடப்படும். அவர் இறங்கிவிட்டால் அபராதம் கப்பலுக்கு.

நிலக்கரியும் தானியமும் ஏற்றும் கப்பல்களின் அடுத்த துறைமுகம் பல நேரங்களில் நடுக்கடலில்தான் முடிவாகும். பிரேசிலுக்கென்று ஏறிய ஃபிட்டர் நியூ ஆர்லியன்ஸில் போய் நிற்பார். நடுக்கடலில் தூதரகம் இல்லை. விசா எடுக்க வழியில்லை. எனவே அவர் கப்பலின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்தபடி கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் செய்த பிழை என்ன? சரக்கு ஓர் இடத்துக்கு விற்கப்பட்டது என்பது மட்டுமே.

இது புதிய வழக்கமன்று. 1925இல் பிரிட்டன் நிறமுடைய மாலுமிகளுக்கென்று தனி ஆணை பிறப்பித்தது. பிரிட்டிஷ் குடிமக்கள் என்று தாளில் நிறுவ முடியாதவர்கள் அந்நியராகக் காவல்துறையில் பதிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் பேரரசின் கொடியின் கீழ், பிரிட்டிஷ் கப்பலில் வேலைசெய்த இந்திய ‘லஸ்கர்’களும் அதில் அகப்பட்டனர். உழைப்பு பேரரசுக்குச் சொந்தம், உழைப்பவர் அந்நியர் என்ற அந்தக் கணக்கு இன்று நிறத்தின் பெயரால் எழுதப்படுவதில்லை. பாஸ்போர்ட்டின் பெயரால் எழுதப்படுகிறது.

மாலுமிகளுக்கு விசாவுக்குப் பதிலாக ஓர் உலகளாவிய அடையாள ஆவணம் வேண்டும் என்பது பழைய கோரிக்கை. 1958இல் அதற்கு ஓர் உடன்படிக்கை வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் அமெரிக்கா பாதுகாப்பு வலியுறுத்தியதால், 2003இல் உயிரளவு அடையாளத்துடன் கூடிய 185ஆம் உடன்படிக்கை உருவானது. மாலுமிகள் தங்கள் உடலடையாளங்களைத் தருவார்கள். பதிலுக்கு நாடுகள் கரைவிடுப்புக்கு விசா கேட்கமாட்டா என்பதே அதன் பேரம். இந்தியா 2015இல் அதை ஏற்புறுதி செய்தது. 2020 ஜனவரியில் உலகிலேயே முதன்முறையாக முக உயிரளவுடன் கூடிய மாலுமி அடையாள அட்டையை வெளியிட்டது. சென்னை, கொச்சி, புதிய மங்களூரு உள்ளிட்ட ஒன்பது மையங்களில் இதற்குப் பதிவு நடக்கத் தொடங்கியது. பெங்களூருவாசிக்கு அருகில் இருப்பது மங்களூருவோ சென்னையோ. மாலுமி தன் பங்கைக் கொடுத்துவிட்டார். ஆனால் பேரத்தின் மறுபாதி வரவில்லை. பாதுகாப்பை வலியுறுத்திய அமெரிக்கா அந்த உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவில்லை, சீனமும் செய்யவில்லை. முகத்தைக் கொடுத்தும் கதவு திறக்கவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

2020 ஜூன் நடுப்பகுதியில் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒப்பந்தம் முடிந்த மாலுமிகள் இனிமேல் நீட்டிப்புக்கு ஒப்பமாட்டார்கள். வேலையை நிறுத்தி இறங்க விரும்பினால் சம்மேளனம் துணைநிற்கும் என்றது. அதன் பின்னரே வாடகை ஒப்பந்தங்களில் பணியாளரை மாற்றுவதற்காகக் கப்பல் பாதை மாற இடம் தரும் மாதிரி விதியை, கப்பல் உரிமையாளர் சங்கமான பிம்கோ முன்வைத்தது. அது விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் விதியே. கட்டாயமில்லை. 2025இல் ஜெனீவாவில் மாலுமிகளை அத்தியாவசியப் பணியாளராக ஏற்பது, விசா கேட்காமல் கரைவிடுப்பு அளிப்பது முதலிய திருத்தங்கள் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைக்கு நிறைவேற்றப்பட்டன. அவை 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரும் என எதிர்பார்க்கப்படுகிறது.

நாடாளுமன்றத்திலும் தொழிற்சங்க மேடைகளிலும் நாம் வலியுறுத்த வேண்டியவை மூன்று. முதலாவது, இந்தியத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் வாடகை ஒப்பந்தத்தில் பணியாளர் மாற்றத்துக்குப் பாதை மாறும் உரிமை கட்டாயமாக இருக்க வேண்டும். அதற்கான செலவை வாடகையாளரும் உரிமையாளரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சீபா வரை போக ஏழு மாதம் காத்திருந்த மாலுமிக்கு உண்மையான பாதுகாப்பு இதுவே. இரண்டாவது, விசாச் செலவை மாலுமியிடம் வாங்கிய முகவரின் உரிமத்தை நிறுத்துவதுடன், வாங்கிய தொகையை அவர் அளித்த வங்கி உத்தரவாதத்திலிருந்து திருப்பித் தர வேண்டும். உரிமமற்ற முகவர் மீது வழக்குத் தொடர, கடலே இல்லாத பெங்களூரு போன்ற நகரங்களிலும் புகார் அலுவலகம் வேண்டும். மூன்றாவது, இந்திய அரசு இருதரப்புப் பேச்சுக்களில் விமானங்களும் ஆயுதங்களும் வாங்குவதைப் பேசும்போது, தன் மாலுமி அட்டைக்கு ஏற்பையும் கேட்டுப் பெற வேண்டும். அதே நேரத்தில் சென்னையிலும் மங்களூருவிலும் இறங்கும் பிறநாட்டு மாலுமிக்கு நாமும் அந்த உரிமையைத் தர வேண்டும். தனக்குக் கேட்பதைப் பிறருக்கு மறுக்கும் கோரிக்கைக்கு வலிமை இராது.

பீன்யாவில் இரண்டு ஷிஃப்டில் கடையப்பட்ட ஓர் எஃகுப் பாகம், வழியில் எந்த நாட்டிலும் தன்னைப் பற்றி விளக்கம் சொல்ல நிற்காமல் உலகைச் சுற்றி வந்துவிடும். அதைச் சுமந்து செல்லும் கப்பலில் இருக்கும் தொழிலாளிக்கு, கரையில் இரண்டு மணி நேரம் நடந்துவர விசா வேண்டும் என்கிறது இந்த உலகச் சந்தை. சரக்குக்கு எல்லையைத் திறந்துவிடச் சட்டங்களை எத்தனை விரைவாக மாற்றினார்களோ, அத்தனை விரைவாக உழைப்பவருக்கும் மாற்ற வைப்பது கடலில் இருப்பவர்களால் மட்டும் ஆகக்கூடியதன்று. கரையில் இருக்கும் நம் வேலையும் அதில் இருக்கிறது.